மச்சம் கண்ணாடித் தகட்டை அடையும் வரை: தோல் பயாப்ஸி எப்படி நடக்கிறது?

"7 மில்லிமீட்டர் மச்சத்தை எடுக்க 3 சென்டிமீட்டருக்கு மேல் ஏன் வெட்டினார்கள்?" கட்டை அவிழ்த்துத் தையலைப் பார்த்ததும் பலருக்கு முதலில் எழும் கேள்வி இது. அடுத்த கேள்வி இன்னும் மெல்லிய குரலில் வரும்: "இவ்வளவு சிறிய துண்டைப் பார்த்துச் சொல்ல எதற்கு ஒரு வாரத்துக்கு மேல்?" முதல் கேள்வியில் இருப்பது வியப்பு. இரண்டாவதில் இருப்பது பயம். தாமதமாகிறது என்றால் கெட்ட செய்தியாகத்தான் இருக்கும் என்று மனம் தானாகவே கணக்குப் போட்டுவிடுகிறது.

அப்படி எடுத்த துண்டுகளை நுண்ணோக்கியில் பார்த்து அறிக்கை எழுதும் நோயியல் மருத்துவர் நான். நோயாளிகள் எங்களைச் சந்திப்பது அரிது. ஆனால் அவர்கள் தூக்கமில்லாமல் கழிக்கும் நாட்களில் அந்தத் துண்டு எங்கள் மேசையில்தான் இருக்கிறது. அங்கே அதற்கு என்ன நடக்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். அதனால் ஒரே ஒரு துண்டைத் தொடக்கம் முதல் பின்தொடர்ந்து சொல்கிறேன்.

43 வயதுப் பெண் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். இடது கெண்டைக்காலில் சிறுவயது முதல் ஒரு மச்சம். கடந்த ஆறு மாதங்களில் அதன் ஓர் ஓரம் மட்டும் கருத்திருக்கிறது, விளிம்பு ஒழுங்கு தவறியிருக்கிறது. தோல் மருத்துவர் உருப்பெருக்கிக் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, "இதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பிவிடலாம்" என்கிறார்.

பயாப்ஸி என்றதுமே புற்றுநோய் என்று பொருள் கொள்ள வேண்டாம். உடலிலிருந்து ஒரு துண்டுத் திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதற்குப் பெயர்தான் பயாப்ஸி. நீங்காத அரிப்பு, கொப்புளம், காரணம் தெரியாத தடிப்பு ஆகியவற்றுக்கும் இதே சோதனை உண்டு. எடுக்கும் முறைதான் மாறும். தோலுக்கு மேலே புடைத்து நிற்பதை மெல்லிய பிளேடால் சீவி எடுப்பது ஒரு முறை. வட்ட வாயுள்ள சிறு கத்தியைத் தோலில் வைத்துத் திருகி, கொழுப்பு தெரியும் ஆழம் வரை ஒரு சிறு உருளையாக எடுப்பது இன்னொன்று. இதற்குப் பஞ்ச் பயாப்ஸி என்று பெயர். பெரும்பாலும் 4 மில்லிமீட்டர் விட்டத்தில் எடுப்பார்கள், ஒன்றிரண்டு தையல் போதும். தடிப்பு நோய்களுக்கு இதுவே வழக்கம், ஏனெனில் அவற்றில் எந்த இடத்தில் எடுத்தாலும் நோயின் முகம் ஏறக்குறைய ஒன்றுதான்.

சந்தேகத்துக்குரிய மச்சம் அப்படியல்ல. ஒரு மூலை சாதுவாகவும் எதிர்மூலை ஆபத்தாகவும் இருக்கலாம். நடுவில் 4 மில்லிமீட்டர் மட்டும் எடுத்தால் அந்த மூலை காலிலேயே தங்கிவிடக்கூடும். மேலாகச் சீவினால், அடிப்பகுதி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பிறகு அளக்க முடியாமல் போகலாம். ஆகவே முடிந்தவரை மச்சம் முழுவதையும், சுற்றிலும் சுமார் 2 மில்லிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து எடுப்பதே சரியான வழி. இந்தப் பெண்ணின் மருத்துவர் அதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்.

தையலின் நீளத்துக்கு இதில்தான் விடை இருக்கிறது. மச்சம் 7 மில்லிமீட்டர். இரு பக்கமும் 2 மில்லிமீட்டர் சேர்த்தால் அகலம் 11. வட்டமாக வெட்டிவிட்டு இழுத்துத் தைத்தால் இரு முனைகளிலும் தோல் கூம்பாகப் புடைத்துக்கொள்ளும். அது தட்டையாகப் படிய வேண்டுமானால் கண் வடிவில், அகலத்தைப் போல மூன்று மடங்கு நீளத்துக்கு வெட்ட வேண்டும். 11 மும்மடங்கானால் 33. நோய் பெரிதென்பதால் தையல் நீளவில்லை. தோல் மடிப்பில்லாமல் படிய வேண்டும் என்பதற்காகத்தான் அந்த நீளம்.

அந்த அரைமணி நேரம்

படுக்கையில் படுத்ததும் மருத்துவர் பேனாவால் கோடு வரைவார், தோலைத் துடைப்பார், மரத்துப்போவதற்கான லிக்னோகெயின் ஊசியைப் போடுவார். முழுச் செயலிலும் வலிப்பது இந்த ஊசி ஒன்றுதான். மருந்து சற்று அமிலத்தன்மை உடையது என்பதால் உள்ளே போகும்போது சில நொடிகள் சுருக்கென்று எரியும். இரத்தக் கசிவைக் குறைக்க அதில் பெரும்பாலும் அட்ரினலின் கலந்திருப்பார்கள். அதனால் சிலருக்குச் சிறிது நேரம் நெஞ்சு படபடக்கும். அதைப் பயத்தின் அடையாளம் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம், மருந்தே அப்படிச் செய்யும்.

மரத்துப்போன பிறகு கூர்மையான வலி தெரியாது. ஆனால் அழுத்துவதும் இழுப்பதும் தெரியும். ஊசி வேலை செய்யவில்லையோ என்று இந்த இடத்தில் பலர் பதறுகிறார்கள். தொடுவுணர்ச்சி மிஞ்சியிருப்பது இயல்பு. குத்துவது போல வலித்தால் உடனே சொல்லுங்கள், இன்னும் கொஞ்சம் மருந்து போடுவார்கள். இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை, இதயத்தில் பேஸ்மேக்கர், மருந்து ஒவ்வாமை, காயங்கள் தடித்து வளரும் தன்மை ஆகியவற்றை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடக் கூடாது.

எடுத்த துண்டு ஃபார்மலின் என்ற திரவம் உள்ள சிறு குப்பிக்குள் போகிறது. இங்கே ஒரு வேண்டுகோள். அறையை விட்டு வெளியே வருமுன், குப்பியின் மேல் உங்கள் பெயரும், எந்த இடத்திலிருந்து எடுத்தது என்பதும் எழுதப்பட்டிருப்பதைக் கண்ணால் பாருங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். எங்கள் ஆய்வகத்துக்கு வரும் தவறுகளில் மிகவும் வேதனை தருவது பெயரில்லாத குப்பிதான். தையலைத் திரும்பப் பிரிக்க முடியாது, துண்டை இன்னொரு முறை எடுக்கவும் முடியாது.

குப்பியோடு வரும் படிவமும் அதே அளவு முக்கியம். "மச்சம்" என்று ஒற்றைச் சொல் எழுதி வந்தால் நான் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது போலத்தான் வேலை செய்ய வேண்டும். "சிறுவயது முதல் இருப்பது, ஆறு மாதமாக ஓர் ஓரம் மட்டும் கருத்தது" என்று இருந்தால் அந்த ஓரத்தை நான் தேடிப் பார்ப்பேன். தடிப்பு நோயாக இருந்தால், ஏற்கெனவே என்ன களிம்பு பூசினீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லி எழுதச் செய்யுங்கள். ஸ்டீராய்டு களிம்பு நோயின் அடையாளங்களை அழித்துவிட்டு எங்களுக்கு வெறும் சாம்பலைக் காட்டும்.

குப்பியிலிருந்து கண்ணாடிக்கு

வியாழக்கிழமை மாலை துண்டு எடுக்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம்.

முதல் இரவு முழுவதும் அது ஃபார்மலினில் ஊறுகிறது. உடலை விட்டுப் பிரிந்த திசு உடனே சிதையத் தொடங்கும். ஃபார்மலின் அந்தச் சிதைவை நிறுத்தி, செல்களை இருந்த நிலையிலேயே உறைய வைக்கிறது. அது மணிக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் ஆழத்துக்குத்தான் ஊடுருவும், ஊடுருவிய பிறகும் வேலை முடிய இன்னும் நேரம் பிடிக்கும். இதை அவசரப்படுத்தினால் செல்கள் குழம்பிப் போகும். குழம்பிய செல்லைப் பார்த்து நல்லது கெட்டது சொல்வதைவிடச் சொல்லாமல் இருப்பதே மேல்.

வெள்ளிக்கிழமை துண்டை வெளியே எடுத்து அளக்கிறோம். வெட்டப்பட்ட ஓரங்கள் எவை என்று பின்னால் நுண்ணோக்கியில் தெரிவதற்காக விளிம்பிலும் அடியிலும் மை பூசுகிறோம். பிறகு அதைக் குறுக்கே 2 முதல் 3 மில்லிமீட்டர் பட்டைகளாக நறுக்கிச் சிறு பிளாஸ்டிக் பெட்டிகளில் அடைக்கிறோம். அன்றிரவு ஓர் இயந்திரம் அந்தப் பட்டைகளில் உள்ள நீரை ஆல்கஹாலால் படிப்படியாக வெளியேற்றி, அந்த இடத்தில் உருகிய மெழுகை நிரப்புகிறது.

சனிக்கிழமை காலை பட்டைகள் மெழுகுக் கட்டிக்குள் நிறுத்தி வைக்கப்படுகின்றன. எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்பதில் தொழில்நுட்பர் காட்டும் கவனம் எனக்கு எப்போதும் மரியாதை தருவது. பட்டை சாய்ந்துவிட்டால் தோலின் அடுக்குகள் சாய்வாகவே தெரியும், ஆழத்தை நம்பி அளக்க முடியாது. பின்னர் மைக்ரோடோம் என்ற கருவியில் அந்தக் கட்டியை 4 மைக்ரான் தடிமனுள்ள ஏடுகளாகச் சீவுகிறார்கள். தலைமுடியின் தடிமனில் சுமார் பதினைந்தில் ஒரு பங்கு என்று சொல்லலாம். வெதுவெதுப்பான நீரில் மிதக்கும் அந்த ஏட்டைக் கண்ணாடித் தகட்டில் ஏந்தி, இரு சாயங்கள் ஏற்றுகிறார்கள். செல்லின் உட்கரு நீலமாகவும் மற்றவை இளஞ்சிவப்பாகவும் மாறும். ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை தகடு என் மேசைக்கு வருகிறது.

நான்கு நாட்கள் ஓடிவிட்டன. இன்னும் எவரும் அதைப் பார்க்கவே இல்லை. அந்த நான்கு இரவுகளிலும் "அவர்களுக்கு ஏதோ தெரிந்துவிட்டது, சொல்லத் தயங்குகிறார்கள்" என்று அந்தப் பெண் நினைத்திருப்பார். தெரிந்துகொள்ள அதுவரை எங்களிடம் ஒன்றுமே இருந்ததில்லை.

நுண்ணோக்கியில் நான் தேடுவது

முதலில் மிகக் குறைந்த உருப்பெருக்கத்தில், சற்றுத் தள்ளி நின்று ஓவியத்தைப் பார்ப்பது போல, முழு வடிவத்தைப் பார்க்கிறேன். மேல்தோல், அதன் கீழே உள்தோல், அதற்கும் கீழே கொழுப்பு. மச்சம் என்பது நிறமிச் செல்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்திருப்பது. சாதுவான மச்சத்தில் இடது பாதியும் வலது பாதியும் ஒத்திருக்கும். கூட்டங்கள் ஒழுங்காக இருக்கும். கீழே இறங்க இறங்கச் செல்கள் சிறுத்து அடங்கிப்போகும்.

மெலனோமா என்ற நிறமிச் செல் புற்றுநோயில் இந்த ஒழுக்கம் குலைகிறது. ஒரு பக்கம் போல மறுபக்கம் இராது. ஆழத்திலும் செல்கள் சிறுக்காமல் பெரியவையாகவே இருக்கும், அங்கேயும் பிளந்து பெருகிக்கொண்டிருக்கும். கூட்டத்திலிருந்து பிரிந்த தனிச் செல்கள் மேல்தோலின் உச்சி வரை ஏறியிருக்கும். எந்த ஓர் அடையாளமும் தனியாகத் தீர்ப்புச் சொல்லாது. உரசலுக்கு உள்ளான சாதுவான மச்சத்திலும் சில செல்கள் மேலே ஏறும். எல்லாவற்றையும் சேர்த்து எடை போட வேண்டும்.

இந்தப் பெண்ணின் தகட்டில் பெரும்பகுதி ஒழுங்காகவே இருக்கிறது. கருத்த ஓரத்தில் மட்டும் கூட்டங்கள் ஒன்றையொன்று தொட்டு இணைந்திருக்கின்றன, செல்களின் உட்கரு சற்றுப் பெரிதாக இருக்கிறது. ஓரிரு செல்கள் மேலே ஏறியிருக்கின்றனவோ என்ற ஐயம் வருகிறது.

இந்த இடத்தில் என் வேலையின் எல்லையைச் சொல்ல வேண்டும். 3 மில்லிமீட்டர் பட்டை ஒன்றிலிருந்து 4 மைக்ரான் ஏடுகள் 700க்கு மேல் கிடைக்கும். நான் பார்த்திருப்பது அவற்றில் ஒரு சில. ஆகவே மெழுகுக் கட்டியை இன்னும் உள்ளே சீவி அடுத்த ஏடுகளைத் தரும்படி கேட்கிறேன். நிறமிச் செல்களை மட்டும் தனி நிறத்தில் காட்டும் சிறப்புச் சாயமும் கேட்கிறேன். அதில் மேல்தோலில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பது தெளிவாகத் தெரியும். செவ்வாயும் புதனும் இதற்குப் போகின்றன. வியாழக்கிழமை அந்தத் தகடுகளை என் சக மருத்துவரிடம் கொடுத்து, என் கருத்தைச் சொல்லாமல் பார்க்கச் சொல்கிறேன். இரண்டுங்கெட்டான் மச்சங்களில் அனுபவம் மிக்கவர்களே கருத்து வேறுபடுவது உண்டு. இரண்டு ஜோடிக் கண்கள் வேண்டும் என்பதில் எனக்கு வெட்கமில்லை.

கூடுதல் சோதனை என்ற செய்தி வந்தால் நோயாளிகள் நிலைகுலைந்து போகிறார்கள். ஆனால் அப்பட்டமான மெலனோமாவுக்கு முடிவு சொல்லப் பல நேரம் முதல் தகடே போதும். சிறப்புச் சாயம் அதிகம் கேட்கப்படுவது ஐயத்துக்கு இடமானவற்றில். அவற்றில் நல்லபடியாக முடிபவை நிறைய. தாமதத்தை வைத்து எந்தப் பக்கமும் முடிவு கட்ட முடியாது.

காத்திருக்கும் வீட்டில்

மருத்துவமனையை விட்டுக் கிளம்புமுன் மூன்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: முடிவை யார் சொல்வார், எந்த வழியில் சொல்வார், எந்தத் தேதி தாண்டினால் நான் அழைக்க வேண்டும். கையில் ஒரு தேதி இருந்தால் ஒவ்வொரு தொலைபேசி மணிக்கும் நெஞ்சு அதிர வேண்டியதில்லை. அந்தத் தேதி கடந்தும் செய்தி இல்லை என்றால் கட்டாயம் அழையுங்கள். "ஒன்றும் சொல்லவில்லை என்றால் ஒன்றும் இல்லை என்றுதான் அர்த்தம்" என்று நம்பி விட்டுவிடுவது ஆபத்து. அறிக்கை வேறு கோப்புக்குள் போய்ச் சேர்ந்து கிடந்த நிகழ்வுகளை நான் அறிவேன்.

இந்த நாட்களில் செய்ய வேண்டிய உண்மையான வேலை காயத்தைப் பார்த்துக்கொள்வது. முதல் 24 மணி நேரம் நனையாமல் வைத்து, பிறகு சோப்பும் நீரும் கொண்டு மென்மையாகக் கழுவி, வாசலின் தடவி மூடி வைக்கலாம். காய்ந்து பொருக்குக் கட்டுவதைவிட ஈரப்பசையோடு இருக்கும் காயம் நன்றாக ஆறும். இரத்தம் கசிந்தால் சுத்தமான துணியை வைத்து 15 முதல் 20 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்த்தால் உறைந்தது பிரிந்துவிடும். அதற்கும் நிற்காவிட்டால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். சில நாள் கழித்து வலி குறையாமல் கூடினால், சிவப்பு பரவினால், சீழோ காய்ச்சலோ வந்தால் முடிவுக்காகக் காத்திருக்காமல் உடனே காட்டுங்கள்.

இரவுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தப் பெண் இரண்டாம் இரவிலேயே இணையத்தில் மெலனோமாப் படங்களைத் தேடித் தன் பழைய புகைப்படத்தோடு ஒப்பிட்டிருப்பார். அதில் விடை கிடைக்கவே கிடைக்காது. உருப்பெருக்கியோடு நேரில் பார்த்த தோல் மருத்துவரே வெளித்தோற்றம் போதாது என்றுதான் துண்டை எங்களுக்கு அனுப்பியிருக்கிறார். தேடும் கை நிற்கவில்லை என்றால், எழும் ஒவ்வொரு பயத்தையும் மருத்துவரிடம் கேட்கும் கேள்வியாக மாற்றி ஒரு தாளில் எழுதி வையுங்கள். "எனக்குப் புற்றுநோயோ" என்பது தலைக்குள் சுழன்றுகொண்டே இருக்கும். "மெலனோமா என்று வந்தால் அடுத்த படி என்ன, எத்தனை நாளுக்குள்?" என்பதைத் தாளில் வைத்துவிட்டுப் படுக்கலாம். அதற்கு விடை உண்டு.

அந்த விடையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மெலனோமா என்றால் அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது ஆழம். 1970இல் அமெரிக்க நோயியல் மருத்துவர் அலெக்சாண்டர் பிரெஸ்லோ இந்த அளவை முன்வைத்தார், அதனால் அவர் பெயரிலேயே அழைக்கப்படுகிறது. மேல்தோலின் ஓர் அடுக்கிலிருந்து மிக ஆழத்தில் உள்ள புற்றுச் செல் வரை மில்லிமீட்டரில் அளப்போம். 1 மில்லிமீட்டருக்கு உட்பட்டதானால் பொதுவாக அதே இடத்தைச் சுற்றி 1 சென்டிமீட்டர் தோலை மீண்டும் எடுப்பார்கள். மிக மெல்லியவற்றில் பெரும்பாலும் அதோடு சிகிச்சை முடிந்துவிடும். ஆழம் கூடக்கூட அகலமும் கூடும், நிணநீர்க் கணுவையும் சோதிப்பார்கள். இந்த ஒரு வாரத்தில் நோய் வளர்ந்துவிடுமோ என்று அஞ்சுகிறவர்கள் ஒன்றை நினைவில் கொள்ளலாம்: கண்ணுக்குத் தெரிந்த மச்சம் முழுவதும் இப்போது காலில் இல்லை, எங்கள் மெழுகுக்குள் இருக்கிறது.

அறிக்கை நேராக உங்கள் கைபேசிக்கு வரும் வசதி இருந்தால், அதை எப்போது, யாரோடு திறப்பது என்று முன்பே முடிவு செய்யுங்கள். மருத்துவரை மறுநாள் அழைக்க முடியாத விடுமுறை இரவில் தனியாகத் திறக்க வேண்டாம் என்பது என் கருத்து. வீட்டில் ஒருவரிடமாவது விஷயத்தைச் சொல்லி வையுங்கள். "முடிவு வந்ததா?" என்று மற்றவர்கள் விசாரிக்கும்போது பதில் சொல்லும் பொறுப்பை அவரிடமே விட்டுவிடலாம். பல நாள் தொடர்ந்து தூங்கவோ உண்ணவோ முடியவில்லை என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆய்வகத்தை அழைத்து எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அவரால் கேட்க முடியும்.

வெள்ளிக்கிழமை மதியம், எட்டாம் நாள், அந்தப் பெண்ணின் அறிக்கையில் கையெழுத்திடுகிறேன். சிறப்புச் சாயத்தில் மேலே ஏறிய செல்கள் மிகச் சிலவே, அதுவும் நடுப்பகுதியில் மட்டும். "நடுத்தர அளவு அட்டிபியாவுடன் கூடிய மெலனோசைட்டிக் நீவஸ், மார்ஜின்களில் இல்லை" என்பது முடிவு. நீவஸ் என்றால் மச்சம். அட்டிபியா என்றால் செல்கள் வழக்கமான தோற்றத்திலிருந்து விலகியிருக்கின்றன என்று பொருள், புற்றுநோய் என்று பொருளல்ல. மார்ஜின் என்பது மை பூசிய அந்த வெட்டு ஓரம். அங்கே மச்சச் செல்கள் எட்டவில்லை. மீண்டும் வெட்ட வேண்டியதில்லை. ஆனால் இத்தகைய மச்சம் ஒன்று இருந்தவருக்கு மற்ற மச்சங்களையும் கவனிக்க வேண்டும் என்பதால், உடல் முழுவதையும் ஒரு முறை பரிசோதித்துப் படமெடுத்து வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் பார்க்கும்படி மருத்துவர் சொல்வார்.

தடிப்பு நோய்களின் அறிக்கை இவ்வளவு திட்டவட்டமாக இராது. "இன்ன நோயோடு ஒத்துப்போகிறது" என்ற அளவில் நிற்கும். தோல் பல நோய்களுக்கு ஒரே மாதிரிதான் பதில் சொல்லும், நோயாளியை நேரில் பார்த்தவரே அவற்றைப் பிரித்துச் சொல்ல முடியும். எங்கள் அறிக்கையும் அவர் நேரில் கண்டதும் பொருந்தவில்லை என்றால் அந்த மருத்துவர் எங்களை அழைத்துப் பேசுவார், தேவைப்பட்டால் இன்னொரு துண்டு எடுப்பார்.

கெண்டைக்காலில் தையல் பிரிக்க 10 முதல் 14 நாள் ஆகும். அவர் போய்ப் பிரித்துக்கொண்ட பிறகும் அந்த மெழுகுக் கட்டி எங்கள் அலமாரியில் பல ஆண்டுகள் இருக்கும். வேறொரு மருத்துவரின் கருத்து வேண்டும் என்று அவர் எப்போது கேட்டாலும், அதிலிருந்து புதிதாக ஓர் ஏடு சீவி அனுப்பலாம்.